உங்கள் படத்தை யார் தேர்ந்தெடுக்க வேண்டும்?

லிங்க்ட்இன் பக்கத்தில் போட எந்தப் படம் நன்றாக இருக்கும் என்று கேட்பவர்கள் கைப்பேசியைத் திறந்து ஐந்தாறு படங்களைக் காட்டுவார்கள். கான்வோ நாளில் அங்கியோடு எடுத்தது, உறவினர் திருமணத்தில் எடுத்தது, பிரிக்பீல்ட்ஸ் ஸ்டூடியோவில் எடுத்த பாஸ்போர்ட் அளவுப் படம், காருக்குள் எடுத்த செல்ஃபி என்று அந்த வரிசை போகும். ஒளி எப்படி, உடை எப்படி, பின்னணி எப்படி என்றுதான் பேச்சு தொடங்கும். அவையெல்லாம் கவனிக்க வேண்டியவைதாம். ஆனால் கடந்த இருபது ஆண்டுகளில் முகங்களைப் பற்றி உளவியலாளர்கள் செய்த சோதனைகளைச் சேர்த்துப் படித்தால், இவற்றுக்கெல்லாம் முந்திய கேள்வி ஒன்று தெரிய வருகிறது. அந்த ஐந்தாறு படங்களிலிருந்து ஒன்றை எடுக்கும் பொறுப்பை யாரிடம் கொடுப்பது? படத்துக்கு உரியவரிடம் கொடுக்கக் கூடாது. அவரை நேசிக்கும் வீட்டாரிடமும் கொடுக்கக் கூடாது. ஆய்வுகள் அந்தப் பக்கமே நம்மை அழைத்துச் செல்கின்றன.

மலேசியாவில் வேலை விண்ணப்பத்தோடு படம் வைப்பது நெடுநாள் பழக்கம். தட்டச்சு செய்த தாளின் மேல்மூலையில் பாஸ்போர்ட் அளவுப் படத்தைப் பசை தடவி ஒட்டியவர்கள் இன்னும் வேலையில் இருக்கிறார்கள். 1997இல் ஜாப்ஸ்திரீட் தொடங்கிய பிறகு அதே படம் கணினிக்குள் போனது. 2003இல் தொடங்கிய லிங்க்ட்இன் படம் போடும் வசதியை 2007இல்தான் தந்தது. அங்கும் நம்மில் பலர் அதே படத்தையே ஏற்றினோம். அடையாளப் படத்தின் வேலை வேறு. முகப்பிடத்தில் இருக்கும் அதிகாரி, எதிரே நிற்பவரையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்து, இரண்டும் ஒருவரே என்று உறுதி செய்துகொள்வதற்காக எடுக்கப்படுவது அது. வேலை தேடும் பக்கத்தில் உங்கள் படத்தைப் பார்ப்பவர் உங்களை ஒருமுறைகூடக் கண்டதில்லை. ஒப்பிட அவர் முன்னால் யாரும் நிற்பதில்லை. படமே அவருக்கு நீங்கள்.

அந்த அறியாதவருக்கு ஒரு முடிவுக்கு வர எவ்வளவு நேரம் தேவை? பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் ஜேனின் வில்லிஸ், அலெக்ஸாண்டர் டோடோரோவ் இருவரும் 2006இல் வெளியிட்ட சோதனை இதற்கு விடை தந்தது. முன்பின் தெரியாத முகங்களைப் பத்தில் ஒரு விநாடி மட்டும் காட்டி, இவர் நம்பத் தகுந்தவரா, திறமையானவரா, பழக இனியவரா என்று கேட்டார்கள். வந்த விடைகள், நேரக் கட்டுப்பாடே இல்லாமல் பார்த்தவர்கள் சொன்னவற்றோடு பெரிதும் ஒத்துப்போயின. கூடுதல் நேரம் கொடுத்தபோது கருத்து அவ்வளவாக மாறவில்லை. சொன்னதில் உறுதிதான் கூடியது. இந்தக் கணிப்புகள் சரியானவை என்று எவரும் வாதிடவில்லை. முகத்தைப் பார்த்துக் குணத்தைச் சொல்வதை நம்ப முடியாது என்று டோடோரோவே பின்னர் விரிவாக எழுதினார். பிழையோ சரியோ, கணிப்பு மட்டும் நடந்தே தீருகிறது. தேர்வு செய்யும் அதிகாரியும் இதற்கு விலக்கல்ல.

கணிப்பு முகத்தைப் பொறுத்தது என்றால் நம்மால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. ஆனால் டோடோரோவும் ஜென்னி போர்ட்டரும் 2014இல் ஒரே ஆளின் பல படங்களை வைத்துப் பார்த்தபோது நல்ல செய்தி கிடைத்தது. ஒரே நபரின் வெவ்வேறு படங்கள் எழுப்பும் எண்ணங்களுக்கு இடையே உள்ள வேறுபாடு, இரு வேறு நபர்களுக்கு இடையே இருக்கக்கூடிய வேறுபாட்டுக்கு இணையாகவோ அதற்கு மேலாகவோ இருந்தது. ஒரு படத்தில் நம்பிக்கைக்கு உரியவராகத் தெரிந்தவர், இன்னொரு படத்தில் அப்படித் தெரியவில்லை. எந்த நோக்கத்துக்கான படம் என்று சொன்னதும் தேர்வும் மாறியது; தேர்தல் பிரசாரத்துக்கு ஒன்று, திரைப்பட வில்லன் வேடத்துக்கு வேறொன்று. ஆக, படத் தேர்வு அலங்கார வேலை என்று ஒதுக்கக் கூடியதல்ல. இருக்கும் முகத்தை வைத்துக்கொண்டே எதிராளியின் மனத்தில் எழும் எண்ணத்தை வெகுதூரம் நகர்த்தலாம்.

அப்படியானால் நல்லதை நாமே எடுக்கலாமே? அங்கேதான் சிக்கல். பிரிட்டனில் ராப் ஜென்கின்ஸ் குழுவினர் 2011இல் செய்த எளிய சோதனை இதை விளக்குகிறது. நெதர்லாந்தில் புகழ்பெற்ற இரண்டு பெண்களின் படங்களை, ஆளுக்கு 20 வீதம், 40 அட்டைகளாகக் கலந்து கொடுத்து, ஆள்வாரியாகப் பிரித்து அடுக்கச் சொன்னார்கள். அந்தப் பெண்களைத் தெரியாத பிரிட்டன்காரர்கள் ஏழெட்டுப் பேர் இருப்பதாக எண்ணி, அத்தனை அடுக்குகள் வைத்தார்கள். அவர்களைத் தெரிந்த நெதர்லாந்துக்காரர்களோ தடுமாறாமல் இரண்டே அடுக்காக வைத்தார்கள். பழகிய முகம் என்றால் ஒளி மாறினாலும் கோணம் மாறினாலும் நமக்கு ஆள் ஒருவர்தான். பழகாத கண்ணுக்கு ஒவ்வொரு படமும் ஒரு புது ஆள். உங்கள் படங்களில் உங்கள் தாய்க்குத் தெரிவது எப்போதும் நீங்களே. படங்களுக்கு இடையே உள்ள வேறுபாடு அவருக்குக் கண்ணில் படுவதே கடினம். உங்களுக்கு அதைவிடக் கடினம்.

இதை நேரடியாகச் சோதித்தவர் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் வைட். கிளேர் சதர்லாந்து, ஏமி பர்ட்டன் இருவரோடும் சேர்ந்து 2017இல் அவர் வெளியிட்ட கட்டுரைதான் நம் கேள்விக்கு மிக நெருங்கி வருவது. 102 மாணவர்கள் தங்கள் முகநூல் பக்கத்திலிருந்து தங்கள் முகம் தெரியும் 12 படங்களைத் தந்தார்கள். முகநூல், துணை தேடும் தளம், தொழில்முறைத் தளம் ஆகிய மூன்றுக்கும் அவற்றில் எது பொருந்தும், எது பொருந்தாது என்று தாங்களே தேர்ந்தார்கள். பிறகு தங்களுக்கு அறிமுகமே இல்லாத இன்னொருவரின் 12 படங்களுக்கும் அதே வேலையைச் செய்தார்கள். இப்படித் தேர்ந்த படங்களை, இவர்களில் எவரையும் அறியாத வேறு ஆட்கள் மதிப்பிட்டார்கள். இடத்துக்கு ஏற்றபடி தேர்வது ஓரளவு எல்லோருக்கும் கைவந்திருந்தது. தொழில்முறைத் தளத்துக்கு எடுத்தவை திறமை, நம்பகம் இரண்டிலும் உயர்ந்து நின்றன. ஆனால் தானே தேர்ந்த படத்தைவிட, தன்னை அறியாத ஒருவர் தேர்ந்த படமே பார்ப்பவர்களிடம் நல்ல எண்ணத்தைப் பெற்றது.

இந்த ஆய்வுக்கும் எல்லை உண்டு. பங்கேற்றவர்கள் கல்லூரி மாணவர்கள்; படங்கள் முகநூலில் ஏற்கெனவே வடிகட்டி ஏற்றப்பட்டவை; கிடைத்தது சராசரிப் போக்கே தவிர ஒவ்வொருவருக்கும் பொருந்தும் சட்டமல்ல. ஆனாலும் காரணத்தை யோசித்தால் முடிவு வியப்பாக இல்லை. நம் முகத்தை நாம் நாள்தோறும் பார்ப்பது கண்ணாடியில். அது இடவலம் மாறிய முகம். தியோடர் மீட்டாவும் உடன் ஆய்வாளர்களும் 1977இல் கல்லூரிப் பெண்களிடம் அவர்களுடைய இரண்டு படங்களைக் காட்டினார்கள். ஒன்று உள்ளபடி, மற்றது கண்ணாடிபோல் திருப்பி அச்சிட்டது. பெண்கள் திருப்பியதையே பெரும்பாலும் விரும்பினார்கள். அவர்களுடைய தோழிகள் உள்ளபடி இருந்ததை விரும்பினார்கள். ஆளுக்கு ஆள் தமக்குப் பழகியதை எடுத்தார்கள். செல்ஃபி எடுக்கும்போது கைப்பேசித் திரை காட்டுவதும் அந்தக் கண்ணாடி முகமே. சேமித்த படம் திரும்பிக்கொண்டதும் "என்னவோ மாதிரி இருக்கிறது" என்று பலர் அழித்துவிடுவது அதனால்தான். அறியாதவர் கண்ணுக்கு அந்தப் படத்தில் குறை ஒன்றும் இருந்திருக்காது.

இனி ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொண்டு படிப்படியாகப் போவோம். கிள்ளானில் வசிக்கும் ஒரு பெண், வயது 27. கிள்ளான் துறைமுகத்தில் சரக்கு அனுப்பும் நிறுவனத்தில் இறக்குமதி ஆவணங்களைப் பார்க்கிறார். கே.எல். சென்ட்ரல் வட்டாரத்தில் அலுவலகம் வைத்திருக்கும் பன்னாட்டு நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவுக்கு மாற விரும்புகிறார். அவரிடம் ஆறு படங்கள். நான்கு ஆண்டுக்கு முந்திய கான்வோ படம். சித்தப்பா மகன் திருமணத்தில் பட்டுச்சேலையும் மல்லிகையுமாக நால்வரோடு நிற்பது. ஸ்டூடியோவில் எடுத்த பாஸ்போர்ட் அளவுப் படம். தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பில் வாய்விட்டுச் சிரிப்பது. காரில் எடுத்த செல்ஃபி. அலுவலக ஆண்டு விருந்தில் மேடையருகே எடுத்தது. அவருக்குப் பிடித்தது செல்ஃபி. அம்மாவைக் கேட்டால், "அந்த கான்வோ படத்திலதாம்மா லட்சணமா இருக்க, அதையே போடு" என்கிறார்.

அறியாதவர்களிடம் போவதற்கு முன், யார் பார்த்தாலும் தேறாதவற்றை முதலில் நீக்கிவிட வேண்டும். லிங்க்ட்இன் படத்தை வட்டத்துக்குள் காட்டுகிறது. சதுரப் படத்தின் நான்கு மூலைகளும் போய், பரப்பில் ஏறக்குறைய 78 விழுக்காடுதான் மிஞ்சும். கைப்பேசித் தேடல் பட்டியலில் அந்த வட்டம் விரல்நகம் அளவுக்குச் சுருங்கிவிடும். ஆகவே முகம் சட்டகத்தில் 60 விழுக்காடாவது இருக்க வேண்டும் என்று சொல்வது நல்ல அளவுகோல். படத்தைச் சிறிதாக்கிக் கைநீட்டத்தில் வைத்துப் பாருங்கள். கண்ணும் வாயும் பிரிந்து தெரியாவிட்டால் அது தேறாது. ஆண்டு விருந்துப் படம் இங்கேயே விழுந்துவிடுகிறது. மேடையின் ஊதா விளக்கு பாதி முகத்தை விழுங்கிவிட்டது.

திருமணப் படத்தின் கதை வேறு. குறைந்த அளவு 400க்கு 400 படப்புள்ளி என்று லிங்க்ட்இன் கேட்கிறது. கைப்பேசி எடுத்த மூலப் படம் 4000 படப்புள்ளி அகலம், அதில் இவர் முகம் பன்னிரண்டில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால், முகத்துக்கு மட்டும் 333 புள்ளிகள் கிடைக்கும். முகம் 60 விழுக்காடு இருக்கும்படி வெட்டினால் 555 புள்ளிச் சதுரம், தாராளமாகத் தேறும். ஆனால் இவரிடம் இருப்பது குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்த பிரதி. அங்கே சாதாரணமாக அனுப்பும் படம் 1600 புள்ளி அகலத்துக்குச் சுருங்கிவிடும். முகம் 133 புள்ளி, வெட்டிய சதுரம் 222 புள்ளி, தேறாது. எடுத்தவரிடம் மூலக் கோப்பை, படமாக அல்லாமல் ஆவணமாக அனுப்பச் சொல்லிக் கேட்டால் அளவுச் சிக்கல் தீரும். அப்போதும் பக்கத்தில் நிற்பவரின் தோள் வட்டத்துக்குள் தொங்கிக்கொண்டிருக்கும். அந்தத் தோளுக்காகவே நான் இதை நீக்குவேன். வேறிடத்துக்கு எடுத்த படத்தை வெட்டி ஒட்டினார் என்று அது உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

செல்ஃபியில் குறை தூரம். 2018இல் அமெரிக்க மருத்துவர்கள் சிலர் கணக்கிட்டுக் காட்டியபடி, 12 அங்குலத்தில் எடுத்த படத்தில் மூக்கு, ஐந்தடியில் எடுத்த படத்தில் இருப்பதைவிட 30 விழுக்காடு அளவுக்கு அகலமாகத் தெரியும். மூக்கு கேமராவுக்கு அருகிலும் காது வெகு பின்னாலும் இருப்பதால் வரும் விளைவு இது; லென்ஸின் பிழை அல்ல. 2012இல் வெளியான இன்னொரு ஆய்வில், மிக நெருங்கி எடுத்த முகங்களைப் பார்த்தவர்கள் நம்பகத்தில் குறைத்தே மதிப்பிட்டார்கள். தீர்வுக்குச் செலவில்லை. இன்னொருவரை ஐந்தடி தள்ளி நிற்கச் சொல்லி, பின்புறக் கேமராவால் எடுத்து, வேண்டிய அளவுக்கு வெட்டிக்கொள்ளலாம்.

கான்வோ படத்தை நீக்குவது வீட்டில் மனத்தாங்கலைத் தரும் என்பது தெரியும். குடும்பத்தின் முதல் பட்டதாரி என்றால் அந்த அங்கிக்குப் பின்னால் எத்தனை பேருடைய உழைப்பு இருக்கிறது என்பதும் தெரியும். வரவேற்பறைச் சுவரில் அது இருக்கட்டும். நான்கு ஆண்டு அனுபவத்தோடு வேலை மாறப் போகிறவரை அந்த அங்கி இன்றுதான் படிப்பை முடித்தவராகக் காட்டும். பார்ப்பவர் அனுபவத்தை வாசிக்கும் முன்பே அங்கியை வாசித்துவிடுவார். உடை எவ்வளவு தூரம் பேசும் என்பதற்குச் சான்றும் இருக்கிறது. டோங்வான் ஓ, எல்டார் ஷஃபீர், டோடோரோவ் மூவரும் 2020இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே முகத்தைச் சற்று வசதியானவர் உடுத்துவதாகத் தோன்றும் உடையோடு காட்டியபோது திறமை கூடியதாகவும், எளிய உடையோடு காட்டியபோது குறைந்ததாகவும் மதிப்பிட்டார்கள். உடையைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கேட்டபோதும் அதே முடிவுதான். அந்தப் பாகுபாடு நியாயமற்றது. அதைத் தெரிந்தே உடுத்த வேண்டியிருக்கிறது. சேரப் போகும் அலுவலகத்துக்கு முதல் நாள் எதை உடுத்திப் போவீர்களோ அதை உடுத்தி எடுங்கள்.

மிஞ்சியவை பாஸ்போர்ட் படமும் திறந்த இல்லப் படமும். இவற்றோடு புதிதாக ஒன்றையும் எடுத்துச் சேர்ப்பது நல்லது. அதற்குக் கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் ஸ்டூடியோவைவிட நல்ல இடம் ஒன்று இருக்கிறது: பழைய கடைவீடுகளின் முன்னால் கூரையோடு ஓடும் ஐந்தடி நடைபாதை. நம் வட்டாரம் நிலநடுக்கோட்டுக்கு மூன்று பாகை வடக்கே இருப்பதால் நண்பகல் வெயில் ஏறக்குறைய தலைக்கு நேர் மேலே இறங்கி, கண்குழியிலும் மூக்கின் கீழும் கறுப்பு நிழலாக விழும். கூரையின் கீழ், நடைபாதையின் வெளிவிளிம்பை ஒட்டி, தெருவைப் பார்த்து நின்றால் மேல்வெயில் மறைந்து, திறந்த வானத்தின் மென்மையான ஒளி முகத்தில் நேராக விழும். முதுகுப் பக்கம் கடையின் இருள் பின்னணியாகிவிடும். ஞாயிறு காலை கடைகள் திறக்கும் முன், தெருவின் வெயில் படாத பக்கமாகப் பார்த்துப் போனால் போதும். தெங்கு கெலானா சாலையில் கூட்டம் சேர்ந்த பிறகு அந்த இடம் கிடைக்காது.

இருண்ட பின்னணியை வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. அது நம் தோல் நிறத்தோடு சம்பந்தப்பட்டது. கேமரா தன் கண்ணில் படும் காட்சி முழுவதையும் ஒரு நடுத்தரச் சாம்பல் வெளிச்சத்துக்குக் கொண்டுவர முயலும். வெள்ளைச் சுவர் முன்னால் கருநிறமுள்ள ஒருவர் நின்றால், சட்டகத்தில் வெள்ளை மிகுதி என்று எண்ணி ஒளியைக் குறைத்துவிடும். சுவர் சாம்பலாகும், முகத்தில் கன்னத்தின் வளைவும் கண்ணின் ஒளியும் இருளில் கரையும். பாஸ்போர்ட் படங்களில் நம்மவர்களில் பலர் இருப்பதைவிடக் கறுத்தும் கடுகடுத்தும் தெரிவதற்கு இது ஒரு பெரிய காரணம். வரலாறும் நமக்குச் சாதகமாக இருந்ததில்லை. பிலிம் காலத்தில் அச்சுக்கூடங்களில் நிறத்தைச் சரிபார்க்கக் கோடாக் அனுப்பிய 'ஷெர்லி' அட்டைகளில் நெடுங்காலம் வெள்ளைத்தோல் பெண்ணின் முகமே இருந்தது. பல நிறத்தவர் முகங்கள் அதில் இடம்பெற 1990கள் வரை ஆனது. இன்று கையில் இருக்கும் கருவியிலேயே மருந்து இருக்கிறது. கைப்பேசித் திரையில் முகத்தின் மேல் விரலால் தொட்டால் கேமரா முகத்தை வைத்து ஒளியைக் கணக்கிடும். பிறகு பக்கத்தில் தோன்றும் சூரியக் குறியை மேலே இழுத்து, கன்னத்தில் தோலின் இழை தெரியும் வரை கூட்டலாம். நெற்றியில் வெள்ளைத் திட்டு விழத் தொடங்கினால் அதிகமாகிவிட்டது என்று பொருள்.

நிறத்தை வெளுக்கச் செய்யும் அழகூட்டு வசதியை நிறுத்திவிட்டே எடுக்க வேண்டும். ஒளியைச் சரிசெய்வது வேறு, நிறத்தை மாற்றுவது வேறு. சிலர் அதை ஏன் நாடுகிறார்கள் என்பது எனக்குப் புரிகிறது. மலேசிய வேலைச் சந்தையில் இனப் பாகுபாடு இருப்பதை 2016இல் வெளியான லீ ஹுவோக் ஆன், முகம்மது அப்துல் காலிட் ஆகியோரின் கள ஆய்வு தெளிவாகக் காட்டியது. புதிய பட்டதாரிகளின் பெயரில் கற்பனை விண்ணப்பங்களைப் பொறியியல், கணக்கியல் வேலைகளுக்கு அனுப்பியபோது, சீனப் பெயர்களுக்கு மலாய்ப் பெயர்களைவிடச் சுமார் ஐந்து மடங்கு நேர்முக அழைப்பு வந்தது. இந்தியப் பெயர்கள் அந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை. ஆனால் படத்துக்குப் பக்கத்திலேயே உங்கள் பெயர் இருக்கிறது. தோலை இரண்டு படி வெளுத்துக் காட்டினாலும் பெயர் சொல்லிவிடுவதை அது மறைக்காது. நேர்முகத்துக்குப் போய் நிற்கும்போது படத்தில் இருப்பவர் நீங்கள் இல்லை என்ற சங்கடம் மட்டும் மிஞ்சும். பொட்டு, திருநீறு, தலைப்பாகை பற்றியும் என் தீர்ப்பு இதுவே. அலுவலகத்துக்குப் போகும்போது இருப்பது படத்திலும் இருக்கட்டும். வேலை கிடைத்த பிறகு ஒவ்வொரு நாளும் மறைக்க வேண்டியதை முதல் நாளே மறைப்பதில் பயனில்லை.

இப்போது மூன்று படங்கள் கையில் இருக்கின்றன: பாஸ்போர்ட் படம், திறந்த இல்லச் சிரிப்பு, ஐந்தடி நடைபாதையில் எடுத்தது. அறியாதவர்களிடம் போகும் நேரம். யார் அவர்கள்? குடும்ப வாட்ஸ்அப் குழு அல்ல. அங்கே எல்லோருக்கும் உங்களைத் தெரியும். தமிழர்கள் மட்டுமே இருக்கும் நண்பர் வட்டமும் போதாது. இந்நாட்டில் உங்கள் பக்கத்தைத் திறப்பவர் மலாய்க்காரராகவோ சீனராகவோ இருக்கலாம். பன்னாட்டு நிறுவனமானால் மணிலாவிலோ பெங்களூரிலோ உட்கார்ந்திருக்கலாம். தோழி வேறு அலுவலகத்தில் இருந்தால், அவருடன் வேலை செய்பவர்கள் சரியான ஆட்கள்; பல இனத்தவர், உங்களைக் காணாதவர்கள். தோழியிடம் படங்களைக் கொடுத்துக் காட்டச் சொல்லலாம். அறியாதவர்களிடம் படத்தை மதிப்பிடக் கேட்கும் போட்டோஃபீலர் போன்ற தளங்களும் இருக்கின்றன. அங்கே தொழில்முறைப் படத்துக்குத் திறமை, பழக இனிமை, செல்வாக்கு என்று தனித்தனியாக மதிப்பெண் தருவார்கள். ஆனால் மதிப்பிடுவோர் எந்த நாட்டவர் என்பது உங்கள் கையில் இல்லை. ஆகவே தோழியின் அலுவலகமே மேல்.

கேட்கும் விதத்தில் பாதி வேலை இருக்கிறது. "எது அழகா இருக்கு?" என்று கேட்டால் அழகுக்குத்தான் விடை வரும். "இந்த இருவரில் உங்கள் நிறுவனத்தின் கணக்கை யாரிடம் ஒப்படைப்பீர்கள்?" என்று கேட்க வேண்டும். இரண்டும் ஒரே ஆள் என்பதை முதலிலேயே வலியுறுத்த வேண்டாம். படத்தை வட்டமாக வெட்டி, சிறிய அளவில், ஒரு விநாடி மட்டும் காட்டி மூடிவிட வேண்டும். விட்டால் பார்ப்பவர் ஆராயத் தொடங்கிவிடுவார். உண்மையான பார்வையாளர் ஆராய்வதில்லை. பாதிப் பேருக்கு முதல் படத்தை முதலிலும், மீதிப் பேருக்கு இரண்டாவதை முதலிலும் காட்ட வேண்டும். ஒருவரிடம் ஓர் இணைக்கு மேல் கேட்காமல் இருப்பது நல்லது. நாலைந்து படம் பார்த்ததும் உங்கள் முகம் அவருக்கும் பழகிவிடும்; பிறகு அவர் அறியாதவர் அல்ல.

வந்த விடையை எப்படிப் படிப்பது என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பத்துப் பேரில் ஆறு பேர் ஒரு படத்தைச் சொன்னால் அது வென்றதாக எண்ணுகிறோம். இரண்டு படங்களுக்கும் உண்மையில் வேறுபாடே இல்லை, பத்துப் பேரும் காசு சுண்டிச் சொல்கிறார்கள் என்று வைத்துக்கொண்டாலும், ஒரு பக்கம் ஆறோ அதற்கு மேலோ விழ நான்கில் மூன்று பங்கு வாய்ப்பு இருக்கிறது. எனவே ஆறுக்கு நான்கு என்பது முடிவே அல்ல. எட்டுக்கு இரண்டோ அதைவிடச் சாய்வாகவோ வர, காசு சுண்டினாலும் நூற்றில் 11 வாய்ப்பு உண்டு. அது ஓரளவு நம்பத்தக்க சாய்வு. ஒன்பதுக்கு ஒன்று என்றால் அந்த வாய்ப்பு நூற்றில் 2 ஆகக் குறைகிறது. அதைத் துணிந்து ஏற்கலாம். நம் எடுத்துக்காட்டுப் பெண்ணுக்கு நடைபாதைப் படமும் பாஸ்போர்ட் படமும் மோதி ஒன்பதுக்கு ஒன்று என்று வந்தால் பாஸ்போர்ட் படம் போய்விட்டது. நடைபாதைப் படமும் திறந்த இல்லச் சிரிப்பும் மோதி ஆறுக்கு நான்கு என்று வந்தால், இரண்டும் சமம் என்றே கொள்ள வேண்டும். அப்போது எதைப் போட்டாலும் இழப்பில்லை. அந்த இடத்தில் மட்டும் தனக்குப் பிடித்ததை அவரே எடுத்துக்கொள்ளலாம். நானாக இருந்தால் பின்னணியில் முறுக்குத் தட்டு தெரியாத நடைபாதைப் படத்தை எடுப்பேன்.

தேர்ந்த பிறகு ஒன்றைச் சரிபார்க்க வேண்டும். லிங்க்ட்இன் அமைப்பில் படத்தை யார் பார்க்கலாம் என்ற தெரிவு இருக்கிறது. நேரடித் தொடர்பில் உள்ளவர்கள் மட்டும் என்று அது இருந்தால், உங்களைத் தேடி வரும் அதிகாரிக்குத் தெரிவது சாம்பல் நிற நிழலுருவம்தான். எல்லா உறுப்பினர்களும் பார்க்கும்படி மாற்றிவிட்டு, உங்களோடு தொடர்பில் இல்லாத ஒருவரின் கைப்பேசியில் உங்கள் பெயரைத் தேடிப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். முடியின் நீளமோ கண்ணாடியோ தாடியோ மாறி, நேரில் வருபவர் வேறு ஆளாகத் தெரியத் தொடங்கிவிட்டால் படத்தையும் மாற்ற வேண்டும்.

வேலை மாற எண்ணியிருப்பவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். இந்த வாரமே உங்கள் படங்களில் தேறக்கூடிய இரண்டை வெட்டி எடுத்து, உங்களை அறியாத பத்துப் பேரிடம் காட்டச் சொல்லி ஒரு நண்பரிடம் கொடுங்கள். ஒன்பது பேர் சொல்லும் படம் உங்களுக்குச் சற்றும் பிடிக்காததாக இருந்தாலும், அதையே போடுங்கள்.